மஞ்சள் திரையும் மங்கல் திரையும்

இருட்டியதும் கைப்பேசியின் திரை தானாகவே மஞ்சள் பூத்துவிடும்படி வைத்துக்கொள்பவர்கள் இப்போது நிறையப் பேர். கண்ணுக்கு இதமாக இருக்கிறது, தூக்கமும் கெடாது என்கிறார்கள். ஆனால் அதே நேரத்தில் அவர்கள் தலைக்கு மேலே எல்.இ.டி. டியூப் லைட் வெள்ளை வெளேரென்று எரிந்துகொண்டிருக்கும். திரை மஞ்சளானதும் எழுத்து மங்கலாகத் தெரிகிறதே என்று பிரைட்னெஸ்ஸையும் கொஞ்சம் கூட்டியிருப்பார்கள். இந்த இரண்டும் சேர்ந்துவிட்டால், மஞ்சளால் கிடைக்க வேண்டிய பலனில் பெரும்பகுதி காணாமல் போய்விடும். திரையின் நிறத்தை மாற்றுவது பாதி வேலைதான். கண்ணுக்குள் மொத்தம் எவ்வளவு வெளிச்சம் போகிறது என்பது மறுபாதி. என்னைக் கேட்டால் அதுவே பெரிய பாதி.

முதலில் நிறத்தைப் பார்ப்போம். பல்பு வாங்கும்போது அட்டைப்பெட்டியின் ஓரத்தில் 6500K என்றோ 2700K என்றோ அச்சிட்டிருப்பார்கள். K என்பது கெல்வின். வெப்பநிலையை அளக்கும் அலகு வெளிச்சத்துக்கு எப்படி வந்தது என்றால், கொல்லன் உலையில் இரும்பு காய்வதை நினைத்துக்கொள்ளலாம். முதலில் செந்நிறம், பிறகு ஆரஞ்சு, சூடு ஏற ஏற மஞ்சள், வெள்ளை. இன்னும் சூடேற்ற முடிந்தால் நீலம் கலந்த வெள்ளை வரும். எந்தச் சூட்டில் ஒரு பொருள் அந்த நிறத்தில் ஒளிருமோ, அந்தச் சூட்டின் எண்ணையே வெளிச்சத்தின் நிறத்துக்கும் பெயராக வைத்துவிட்டார்கள். அதனால்தான் எண் கூடக் கூட வெளிச்சம் நீலத்தை நோக்கிப் போகிறது. மெழுகுவத்திச் சுடர் சுமார் 1900 கெல்வின். அந்தக் காலத்துக் குண்டு பல்பு 2700. பகல் வெளிச்சம் 6500ஐ ஒட்டியது. கணினி, கைப்பேசி, தொலைக்காட்சித் திரைகளின் வெள்ளைக்கும் அந்த 6500தான் உலகம் ஒப்புக்கொண்ட அளவுகோல். நம் ஊர்க் கடைகளில் ‘கூல் டே லைட்’ என்று விற்கும் டியூப் லைட்டும் அதேதான். இரவு பத்து மணிக்குக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்குத் திரையிலிருந்தும் விட்டத்திலிருந்தும் வருவது நண்பகலின் நிறம்.

அது ஏன் பொருட்டாகிறது? நம் விழித்திரையில் பார்ப்பதற்கான செல்கள் மட்டும்தான் இருக்கின்றன என்றே வெகுகாலம் நம்பப்பட்டது. 2002இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெர்சனும் உடன் பணியாற்றியவர்களும், எலிகளின் விழித்திரையில் வேறொரு வகைச் செல்கள் தாமாகவே ஒளியை உணர்வதைக் காட்டினார்கள். உருவத்தைக் காட்டுவது இவற்றின் முதன்மையான வேலை இல்லை. வெளியே பகலா இரவா என்று மூளையின் உட்கடிகாரத்துக்குச் சேதி அனுப்புகின்றன. மனிதர்களுக்கும் இவை உண்டு. இவற்றில் உள்ள மெலனாப்சின் என்ற நிறமி, சுமார் 480 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட ஒளியைத்தான் மிகுதியாக வாங்கிக்கொள்கிறது. கண்ணுக்கு அது வான்நீலமாகத் தெரியும். மாலையில் இந்த ஒளி குறைந்தால் மெலடோனின் என்ற சுரப்பு ஊறத் தொடங்கி, உடல் இரவுக்குத் தயாராகும். குறையாவிட்டால் அந்த ஊற்று தள்ளிப்போகும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. மெலனாப்சின் நீலத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பச்சைக்குக் கண்ணை மூடிக்கொள்வதில்லை. திரையின் பச்சைப் புள்ளிகளிலிருந்து வரும் ஒளியும் அதைக் கணிசமாகத் தூண்டும். ஆகவே நீலத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துவிட்டுப் பச்சையை அப்படியே விட்டுவைக்கும் ஏற்பாட்டால் பெரிய பயன் இல்லை.

நல்ல வேளையாக, கெல்வினைக் குறைக்கும்போது இரண்டுமே குறைகின்றன. திரையின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று விளக்குகளால் ஆனது. 6500இல் மூன்றும் முழு வீச்சில் எரிகின்றன. அதை 2700க்குக் கொண்டுவந்தால் சிவப்பு அப்படியே இருக்கும். பச்சை ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்காகும். நீலம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். இதனால் திரையின் மொத்த வெளிச்சமும் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. எழுத்து மங்கலாகத் தெரிவதாக நமக்குத் தோன்றுவது இதனால்தான், அது பிரமை இல்லை. அப்போது பிரைட்னெஸ்ஸைக் கூட்டினால், குறைத்த நீலத்தையும் பச்சையையும் நாமே திரும்ப அழைத்துக்கொள்கிறோம்.

எவ்வளவு வெளிச்சம் வரை பரவாயில்லை? இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த திமோதி பிரவுன் தலைமையில் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 2022இல் ஒரு பரிந்துரையை வெளியிட்டார்கள். பகலில் கண்ணுக்கு 250 லக்ஸாவது கிடைக்க வேண்டும். படுக்கப்போவதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில் 10 லக்ஸைத் தாண்டக் கூடாது. தூங்கும் அறையில் 1 லக்ஸுக்கு மேல் வேண்டாம். இது சாதாரண லக்ஸ் இல்லை. மெலனாப்சினுக்கு எவ்வளவு படுகிறது என்று எடைபோட்டுச் சொல்லும் லக்ஸ். பகல் வெளிச்சத்தில் இரண்டு கணக்கும் ஒன்றே. குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில், சாதாரண லக்ஸில் பாதிக்குச் சற்றுக் குறைவுதான் மெலனாப்சின் கணக்கில் சேரும்.

இதை ஒரு கைப்பேசிக்குப் போட்டுப் பார்க்கலாம். திரை 7 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். கண்ணிலிருந்து 30 செ.மீ. தொலைவில் பிடித்திருக்கிறோம். வெள்ளைப் பின்னணியில் செய்தி படிக்கிறோம். பிரைட்னெஸ் நடுவாந்தரத்துக்குச் சற்று மேலே, 300 நிட். அப்படியானால் கண்ணில் விழுவது சுமார் 35 லக்ஸ். திரை 6500இல் இருப்பதால் மெலனாப்சின் கணக்கும் அதே 35. வரம்பு 10 என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இப்போது நிறத்தை மட்டும் 2700க்கு இறக்குவோம். வெளிச்சம் பாதியாகி 18 லக்ஸாகிறது. மெலனாப்சின் கணக்கில் அது 8 ஆகிறது. வரம்புக்குள் வந்துவிட்டோம், ஆனால் விளிம்பில். அடுத்து, நிறத்தைத் தொடாமல் பிரைட்னெஸ்ஸை மட்டும் 60 நிட்டுக்குக் குறைத்தால் என்ன ஆகும்? 7 லக்ஸ். அதாவது எந்த மஞ்சளும் இல்லாமல் வெறும் மங்கலே அதே வேலையைச் செய்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் 2 லக்ஸுக்கும் கீழே போய்விடும். படுத்துக்கொண்டு கைப்பேசியை முகத்துக்கு நேராக 20 செ.மீ.க்குக் கொண்டுவந்தால், இந்த எண்கள் எல்லாம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

தொலைக்காட்சி பெரிதாயிற்றே, அதன் பாதிப்பும் பெரிதாக இருக்குமே என்று தோன்றும். அப்படி இல்லை. 55 அங்குலத் தொலைக்காட்சியை எட்டடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும்போது, சாதாரணத் திரைப்படக் காட்சிகளின் சராசரி ஒளியில் கண்ணுக்கு வருவது நாலைந்து லக்ஸ்தான். தூரம் காப்பாற்றிவிடுகிறது. கையில் வைத்திருக்கும் சின்னத் திரைதான் கூடுதல் வெளிச்சத்தைத் தருகிறது.

இவை இரண்டையும் விஞ்சுவது விட்டத்தில் உள்ள டியூப் லைட். 20 வாட் எல்.இ.டி. டியூப் ஒன்று நடுத்தர அறையில் எரிந்தால், உட்கார்ந்திருப்பவரின் கண்ணில் சுமார் 50 லக்ஸ் விழும். அது 6500 கெல்வின் என்பதால் கிட்டத்தட்ட முழுவதும் மெலனாப்சின் கணக்கில் சேரும். மூன்று மணி நேரம் அதன் கீழே இருந்துவிட்டுப் படுக்கையில் கைப்பேசியை மஞ்சளாக்குவதில் என்ன மிச்சம்? ஆகவே இரவு வெளிச்சத்தைச் சரிசெய்ய நினைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது கைப்பேசியைப் பற்றி அல்ல. கூடத்தின் மூலையில் வைக்க 2700 கெல்வினில் ஒரு 5 வாட் பல்பும், மறைப்புள்ள ஒரு மேசை விளக்கும் இருக்கிறதா என்பதைத்தான். இரவுச் சாப்பாடு முடிந்ததும் டியூபை அணைத்துவிட்டு அதைப் போட்டுக்கொண்டால், அறை வெளிச்சம் 10 லக்ஸுக்குள் அடங்கிவிடும்.

அறை விளக்கை முதலில் மாற்றச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. “திரை ஆரஞ்சுப் பழம் மாதிரி இருக்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை” என்று நைட் லைட்டை அணைத்துவிடுகிறவர்கள் பெரும்பாலும் டியூப் லைட்டின் கீழேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். சுற்றிலும் உள்ள வெளிச்சத்தின் நிறத்துக்குக் கண் தன்னைப் பழக்கிக்கொள்ளும். அந்த நிறத்தையே வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். நீல வெள்ளை அறையில் 3000 கெல்வின் திரை அழுக்கு ஆரஞ்சாகத் தெரிகிறது. அதே திரை, மஞ்சள் விளக்கு எரியும் அறையில் ஒன்றிரண்டு நிமிடத்தில் கிட்டத்தட்ட வெள்ளைக் காகிதமாகிவிடும். திரையோடு சண்டை போடத் தேவையில்லை. அறையை மாற்றினால் திரை தானாக இசையும்.

சரியான அளவைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். இரவில் எந்த விளக்கின் கீழ் உட்காருவீர்களோ அதைப் போட்டுக்கொண்டு, ஒரு வெள்ளைத் தாளைத் திரையின் பக்கத்தில் பிடியுங்கள். திரையில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்று திறந்திருக்கட்டும். திரை விளக்குப் போல ஒளிர்ந்து, தாள் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் பிரைட்னெஸ் அதிகம். திரையும் தாளும் ஒரே வெளிச்சத்தில் இருப்பதாகத் தோன்றும் வரை குறையுங்கள். அதன்பிறகு நிறம். தாளைவிடத் திரை நீலமாக இருந்தால் மஞ்சள் பக்கம் நகர்த்துங்கள். இரண்டும் ஒன்றுபோல ஆனதும் நிறுத்திவிடலாம். முதலில் வெளிச்சம், பிறகு நிறம் என்ற வரிசை முக்கியம். மாற்றிச் செய்தால் மஞ்சளை ஈடுகட்ட வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போவோம்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் Settings சென்று Display என்பதன் கீழ் Night Light என்று தேட வேண்டும். சில நிறுவனங்கள் வேறு பெயர் வைத்திருப்பார்கள், சாம்சங்கில் Eye comfort shield. ஐபோனில் Display & Brightness பகுதியில் Night Shift. விண்டோஸ் கணினியில் System, பிறகு Display, அதில் Night light. இவற்றில் பெரும்பாலானவை கெல்வின் எண்ணைக் காட்டுவதில்லை, ஒரு ஸ்லைடரை மட்டுமே தருகின்றன. 2009இல் வெளியாகி இந்த எண்ணத்தையே பரவலாக்கிய f.lux என்ற கணினிச் செயலி, எண்ணோடு காட்டுவதால் தெரிந்து செய்ய விரும்புகிறவர்களுக்கு நல்லது. எண் தெரிந்தால் ஒன்றைக் கவனிக்கலாம்: 6500இலிருந்து 5500க்கு இறங்கினால் மாற்றம் கண்ணுக்கு அதிகம் தெரியாது. 3500இலிருந்து 2500க்கு அதே ஆயிரம் இறங்கினால் திரை வேறு உலகமாகிவிடும். கீழே போகப் போக ஒவ்வொரு அடியும் பெரிது.

நேரம் குறிப்பதிலும் ஒரு யோசனை. சூரியன் மறையும்போது தானாக மாறட்டும் என்ற வசதி, கோடையில் ஒன்பது மணிக்கு மேல் இருட்டும் நாடுகளுக்கும் சேர்த்துச் செய்தது. தமிழ்நாட்டில் ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே பொழுது சாய்ந்துவிடுகிறது. அப்போதே திரை மஞ்சளானால், இன்னும் வேலை பார்க்கிறவர் எரிச்சலில் அதை ஒரேயடியாக நிறுத்திவிடுவார். பத்தரைக்குப் படுப்பவர் ஏழரை அல்லது எட்டு மணி என்று தாமே குறித்துக்கொள்வது நல்லது. படுக்கும் நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் பின்னோக்கிப் போக வேண்டும், அவ்வளவுதான்.

தொலைக்காட்சியில் Warm என்ற சொல் பலரைக் குழப்புகிறது. பல தொலைக்காட்சிகள் Vivid அல்லது Standard முறையில், வெள்ளையை 6500ஐவிட மிகவும் நீலமாக வைத்தே கடையிலிருந்து வருகின்றன. கடையின் பளீர் வெளிச்சத்தில் அதுதான் கண்ணைப் பறிக்கும். அங்கே Warm என்பது இரவுக்கான மஞ்சள் இல்லை. திரைப்படத்தை உருவாக்கியவர்கள் பார்த்த அதே 6500க்குக் கொண்டுவருவதுதான். Movie, Cinema, Filmmaker Mode எனப் பெயர் எதுவானாலும் அந்த முறைக்கு மாற்றினால் நீலமும் குறையும், வெளிச்சமும் பொதுவாகக் குறையும். முதல் இரண்டு நாள் மஞ்சளடித்த மாதிரி இருக்கும். பழகிவிட்டால் பழைய முறைக்குத் திரும்பும்போதுதான் முகங்கள் வெளிறித் தெரிவது உறைக்கும். படத்தின் நிறத்தைக் கெடுக்காமல் இரவில் பார்க்க இதுவே போதும். அதற்கும் மேலே ஆரஞ்சாக்க நான் சொல்ல மாட்டேன்.

நிறத்தைக் கெடுப்பது என்றதும் சொல்ல வேண்டியது, இரவு பத்து மணிக்கு இணையக் கடையில் சேலை பார்ப்பவர்களின் அவதி. மஞ்சள் திரையில் கருநீலம் கறுப்பாகும், வெளிர்மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகும், ஊதா பழுப்பை நோக்கி நகரும். பிடித்திருக்கிறதா என்று தங்கைக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் அவருக்குச் சரியான நிறத்திலேயே போய்ச் சேரும். ஏனென்றால் மஞ்சள் படத்தில் இல்லை, படம் திரைக்குப் போகும் கடைசிக் கட்டத்தில்தான் பூசப்படுகிறது. இருவரும் வெவ்வேறு நிறத்தைப் பார்த்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள். பணம் கட்டும் முன் ஒரு நிமிடம் நைட் லைட்டை அணைத்துப் பார்த்துவிட வேண்டும்.

பிரைட்னெஸ்ஸை மிகவும் குறைக்கும்போது சிலருக்குத் தலைவலி வரும். ஓலெட் திரைகள் பல, குறைந்த வெளிச்சத்தைக் காட்ட நொடிக்குச் சில நூறு முறை அணைந்து அணைந்து எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பு எல்லோரையும் படுத்துவதில்லை, ஆனால் படுத்தும் சிலரைக் கடுமையாகப் படுத்தும். அப்படி இருந்தால் பிரைட்னெஸ்ஸை நடுவில் வைத்துவிட்டு, Accessibility பகுதியில் ஆண்ட்ராய்டில் Extra dim, ஐபோனில் Reduce White Point என்பதைப் போட்டுப் பார்க்கலாம். அது படத்தின் அளவிலேயே மங்கலாக்கும் வழி.

இவ்வளவும் செய்தால் தூக்கம் வந்துவிடுமா? இதில் ஆய்வுகள் சொல்வதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2015இல் வெளியான ஹார்வர்டு ஆய்வு ஒன்றில் பன்னிரண்டு பேர், மங்கலான அறையில் முழு வெளிச்சத்தில் வைத்த ஐபேடில் தினம் நான்கு மணி நேரம் படித்தார்கள். அச்சுப் புத்தகம் படித்த நாட்களோடு ஒப்பிட்டால் அவர்கள் தூங்கிப்போகச் சராசரியாகப் பத்து நிமிடம்தான் கூடுதலாக ஆனது. ஆனால் உட்கடிகாரம் அடுத்த நாள் ஒன்றரை மணி நேரம் பின்தங்கியிருந்தது. 2021இல் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 167 இளைஞர்களைக் கவனித்தார்கள். நைட் ஷிஃப்ட் போட்டுப் பார்த்தவர்கள், போடாமல் பார்த்தவர்கள், படுக்கும் முன் கைப்பேசியையே தொடாதவர்கள் என்ற மூன்று கூட்டத்துக்கும் தூக்கத்தில் மொத்தமாக வேறுபாடு தெரியவில்லை. நடு இரவில் வாட்ஸ்அப் குழுவில் சண்டை நடந்துகொண்டிருந்தால் எந்தக் கெல்வினும் மனத்தை அமர்த்தாது. இன்னொரு பக்கம், ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் 2016இல் கண்டது முக்கியமானது: பகலில் ஆறரை மணி நேரம் நல்ல வெளிச்சத்தில் இருந்தவர்களுக்கு, மாலையில் இரண்டு மணி நேரம் டேப்லெட்டில் படித்தும் மெலடோனின் குறையவில்லை. நாள் முழுவதும் திரைபோட்ட அலுவலகத்தில் அடைந்து கிடப்பவர்தான் இரவுத் திரைக்கு அதிகம் ஆட்படுகிறார்.

கண் எரிச்சல் வேறு கதை. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது பாதிக்கும் கீழே குறைகிறது, கண் காய்கிறது. அதற்கு நீல ஒளி காரணம் இல்லை. நீல ஒளியைத் தடுப்பதாகச் சொல்லி விற்கும் கண்ணாடிகளைப் பற்றிய பதினேழு சோதனைகளை 2023இல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. கண் சோர்வை அவை குறைப்பதாகத் தெரியவில்லை என்பதே முடிவு. இருட்டறையில் பளீர்த் திரையை மங்கலாக்கினால் கண் கூசுவது உடனே குறையும். அந்த இதம் உண்மையானது. அதற்குக் கண்ணாடிக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

வீட்டில் முதியவர்கள் இருந்தால் மேலே சொன்ன அளவுகளை அப்படியே எல்லோருக்கும் வைத்துவிடக் கூடாது. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் தானே மஞ்சளாகிறது, பாப்பாவும் சிறுக்கிறது. அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்கு, இருபது வயதுக்காரருக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். அவருக்கு மஞ்சள் விளக்கு சரி, மங்கல் விளக்கு ஆபத்து. படிக்கும் இடத்தில் அவருக்குப் போதிய வாட்டில் 2700 கெல்வின் விளக்கு வேண்டும். படுக்கையிலிருந்து குளியலறை வரை முழங்காலுக்குக் கீழே ஒரு சின்ன ஆரஞ்சு இரவு விளக்கு வைத்துவிட்டால், அது கண்ணில் நேராகப் படாது. தரையும் வாசற்படியும் மட்டும் தெளிவாகத் தெரியும்.